காஞ்சுட்டு இருக்குது, பறிச்சுட்டு இருக்கறாங்க

ஏற்காட்டில் சின்னக் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், தன் தோட்டத்தின் ஒரு வருடத்தை மாதம் மாதமாக எழுதி வைத்திருந்தார். பேரப்பிள்ளைகளுக்காகச் சிறு புத்தகமாக அச்சடிக்க வேண்டும் என்று ஆசை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் உறவினர் அதை என்னிடம் பிழை பார்க்கக் கொடுத்தார். நான் பள்ளியில் தமிழ் எடுப்பவள்; மாலையில் மெய்ப்பு பார்ப்பதும் உண்டு.

அந்தக் கையெழுத்துப் பிரதியில் எனக்குப் பிடித்தது, பெரும்பாலும் நிகழ்காலத்திலேயே எழுதியிருந்ததுதான். அறுவடை மாதத்தைப் பற்றி எழுதும்போது நம்மைக் களத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். அதனால் பக்கத்துக்குப் பக்கம் ‘கொண்டிருக்கிறது’, ‘கொண்டிருக்கிறார்கள்’ வருகிறது. திருத்த வேண்டியதும் அங்கேயே குவிந்து கிடந்தது. டிசம்பர் மாதத்தில் ஒரு பத்தி இப்படி:

“மேல் தோட்டத்தில் பழங்கள் சிவந்துக்கொண்டிருக்கிறது. பெண்கள் பறித்துகொண்டிருக்கிறார்கள். போன வாரம் எடுத்த காப்பி களத்தில் காய்ந்துக்கொண்டிருக்கிறது. வேலியோரம் ஆரஞ்சு காய்த்துகொண்டிருக்கிறது. மூட்டை ஏற்ற லாரி மலை ஏறி கொண்டிருக்கிறது. அதற்குள் வானம் இருண்டுக்கொண்டிருக்கிறது, கீழே தூறல் பெய்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் காப்பியைக் குவித்துகொன்டிருக்கிரோம்.”

எட்டு வினைகள். எட்டிலும் நடுவில் ஏதோ ஒன்று இடறுகிறது. இதில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனியுங்கள். க் வரக் கூடாத இடத்திலெல்லாம் போட்டிருக்கிறார். வர வேண்டிய இடத்திலெல்லாம் விட்டிருக்கிறார். இது கவனக்குறைவு அல்ல. ‘இங்கே ஒரு ஒற்று மிகும்’ என்று எப்போதோ படித்தது நினைவில் இருக்கிறது. எங்கே என்பது மட்டும் பிடிபடவில்லை. பத்திரிகைகளிலும் கடைப் பலகைகளிலும் நான் காணும் பிழைகளில் பெரும்பகுதி இதே வகைதான். அதனால் இந்த ஒரு பத்தியை வைத்துக்கொண்டே முழுதும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த நடுப்பகுதி என்ன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ‘காய்ந்துகொண்டிருக்கிறது’ என்பதில் மூன்று வினைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. காய்ந்து என்பது உண்மையில் நடக்கும் வேலை. கொண்டு என்பது ‘கொள்’ என்ற வினையின் எச்சம். இங்கே தன் சொந்தப் பொருளை விட்டுவிட்டு, வேலை இன்னும் முடியவில்லை என்று மட்டும் சொல்கிறது. இரு என்பது அந்த நிலையைத் தாங்கி, காலத்தையும் ஆளையும் ஏற்கிறது. காலம் காட்டும் இடைநிலை ‘கிறு’. அது இரு என்பதோடு சேரும்போது ஒரு க் இரட்டித்து ‘இருக்கிறது’ ஆகிறது. இறந்தகாலமானால் ‘காய்ந்துகொண்டிருந்தது’, எதிர்காலமானால் ‘காய்ந்துகொண்டிருக்கும்’. கடைசிப் பகுதி எப்படி மாறினாலும் ‘கொண்டிரு’ அசையாது. தொடர்ச்சி என்ற பொருள் அங்கேதான் தங்கியிருக்கிறது.

நன்னூலில் நிகழ்காலம் காட்ட மூன்று இடைநிலைகள் சொல்லப்படுகின்றன: ஆநின்று, கின்று, கிறு. முதலாவதை நாம் இன்று எழுதுவதில்லை. ‘செய்யாநின்றான்’ என்று பழைய உரைகளில் படித்திருப்போம். பழக்கமில்லாத கண்ணுக்கு அது எதிர்மறை போலத் தோன்றும். ஆனால் செய்கிறான் என்பதே பொருள். அதற்குள் ‘நில்’ என்ற வினை இருக்கிறது. அன்று நில்லிடம் கேட்டதை இன்று இருவிடம் கேட்கிறோம். நடக்கிற ஒன்றைச் சொல்ல, நிற்பதையும் இருப்பதையும் துணைக்கு அழைக்கும் பழக்கம் நம் மொழிக்குப் பழையது.

இனி எழுத்து. ‘கொண்டு’ என்பதில் ஏன் ண்? கொள் என்பதன் ள் இறந்தகால எச்சமாகும்போது ண்ட் என்று திரிகிறது. ‘உள்’ உண்டு ஆவதும், ‘ஆள்’ ஆண்டு ஆவதும் இதே வழி. ல் என்றால் வேறு வழி. ‘கொல்’ கொன்று ஆகும். பெரியவர் எழுதியிருந்த ‘கொன்டிருக்கிரோம்’ இரண்டு வழியிலும் சேராது. தமிழில் ன் என்ற எழுத்துக்கு இனம் ற. ட-வுக்கு இனம் ண். த-வுக்கு இனம் ந். எனவே ‘ன்ட’ என்ற கூட்டு தமிழ்ச் சொல்லுக்குள் வராது. லண்டன், பேண்டு என்று கடன் சொல்லைக்கூட நாம் ண் போட்டுத்தான் எழுதிப் பழகியிருக்கிறோம். ‘கொன்டு’ என்று கண்ணில் பட்டால் யோசிக்கவே வேண்டாம், அது பிழை. ‘கிரோம்’ என்பதும் அப்படியே. இடைநிலை கிறு, அதில் இருப்பது வல்லின ற. காலம் காட்டும் இந்த இடத்தில் இடையின ர வருவதே இல்லை.

பத்தியின் முதல் வாக்கியத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பழங்கள் என்று பன்மையில் தொடங்கி ‘இருக்கிறது’ என்று ஒருமையில் முடிகிறது. பேச்சில் இது இயல்பு. எழுத்தில் பலவின்பாலுக்கு ‘இருக்கின்றன’ வேண்டும். இங்கே கிறு உதவாது. ‘இருக்கிறன’ என்று ஒரு வடிவம் கிடையாது. கின்று மட்டும்தான் வரும்.

இவையெல்லாம் ஒருமுறை சொன்னால் நின்றுவிடும் விஷயங்கள். நிற்காமல் நழுவுவது அந்த க் ஒன்றுதான்.

பள்ளிப் புத்தகம் இதற்குச் சொல்லும் விதி சரியானது. ‘கொண்டிரு’ என்பது க-வில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நிற்கும் வினையெச்சம் எப்படி முடிகிறது என்பதைப் பொறுத்து க் மிகும் அல்லது மிகாது. இகரத்தில் முடிந்தால் மிகும்: ஏறிக்கொண்டிருக்கிறது, பேசிக்கொண்டிருக்கிறார்கள். ய் என்று முடிந்தால் மிகும்: போய்க்கொண்டிருக்கிறது. குற்றியலுகரத்தில் முடிந்தால், அந்த உகரத்துக்கு முந்தைய எழுத்தைப் பார்க்க வேண்டும். அங்கே வல்லின மெய் நின்றால், அதாவது த்து, ட்டு, ற்று என்று வந்தால் மிகும்: பறித்துக்கொண்டு, போட்டுக்கொண்டு, விற்றுக்கொண்டு. மெல்லின மெய் நின்றால், அதாவது ந்து, ண்டு, ன்று என்று வந்தால் மிகாது: சிவந்துகொண்டு, இருண்டுகொண்டு, நின்றுகொண்டு. இடையின மெய் நின்றாலும், மெய்யே இல்லாமல் உயிரொலி நின்றாலும் மிகாது: பெய்துகொண்டு, அழுதுகொண்டு.

வன்தொடர், மென்தொடர், இடைத்தொடர் என்ற பெயர்களை மாணவர்கள் ஒப்பிப்பார்கள். தேர்வு முடிந்த மறுநாள் ‘வந்துக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதுவார்கள். அதற்கு ஒரு காரணம் பெயர்ச்சொற்கள் என்பது என் எண்ணம். மருந்து என்பதும் மென்தொடர்தான். ஆனால் ‘மருந்துக் கடை’ என்று க் போடுகிறோம், அது சரியும்கூட. பாம்பு என்பதும் அப்படியே. ‘பாம்புத் தோல்’ என்கிறோம். மருந்து விற்கும் கடை, பாம்பினது தோல் என்று இரண்டு பெயர்களுக்கு நடுவில் ஒரு வேற்றுமை உறவு மறைந்திருப்பதால் அங்கே ஒற்று மிகுகிறது. வந்து, சிவந்து, காய்ந்து வினையெச்சங்கள். அவற்றுக்கு அந்த உறவு இல்லை. கண் இரண்டிலும் ‘ந்து’வைத்தான் பார்க்கிறது, கை ஒரே மாதிரி எழுதிவிடுகிறது.

பெரியவரோடு உட்கார்ந்து பத்தியைத் திருத்தும்போது நான் விதியின் பெயர்களைச் சொல்லவில்லை. அவர் பேசுவதையே திருப்பிக் கேட்டேன்.

“களத்துல காப்பி என்ன பண்ணுதுன்னு வீட்ல சொல்லுவீங்க ஐயா?”

“காஞ்சுட்டு இருக்குதுன்னு சொல்லுவோம்ங்க டீச்சர்.”

“பொம்பளைங்க?”

“பறிச்சுட்டு இருக்கறாங்க.”

சேலத்துப் பேச்சில் ‘கொண்டு’ தேய்ந்து ‘ட்டு’ ஆகிவிட்டது. வேறு ஊர்களில் ‘கிட்டு’ என்பார்கள். காஞ்சுகிட்டு இருக்கு, பறிச்சுக்கிட்டு இருக்காங்க. அந்த ஊர்க்காரர்களுக்குக் காதில் ஒரு க-வாவது மிஞ்சியிருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை. க் இருக்கிறதா இல்லையா என்று காதால் கேட்டு எழுத முடியாது. அதனால் சேலத்துக்காரர்களுக்கு இந்த இடம் சிரமம் என்று முதலில் தோன்றலாம். ஆனால் கேட்க வேண்டியது ‘ட்டு’வை அல்ல, அதற்கு முன்னால் இருப்பதை. காஞ்சு, பறிச்சு. முதலாவதில் ஞ் என்று மூக்கில் ஒலிக்கிறது. இரண்டாவதில் ச் என்று அழுத்தமாக ஒலிக்கிறது. மூக்கொலி கேட்டால் எழுத்தில் க் வேண்டாம்: காய்ந்துகொண்டிருக்கிறது. வல்லொலி கேட்டால் க் வேண்டும்: பறித்துக்கொண்டிருக்கிறார்கள். எழுத்துத் தமிழின் மென்தொடரும் வன்தொடரும் பேச்சில் உருமாறினாலும், மெலிவும் வலிவும் மாறவில்லை. நின்று ‘நின்னு’ ஆனாலும் மூக்கொலிதான். விற்று ‘வித்து’ ஆனாலும் வல்லொலிதான். வைத்து என்பது ‘வெச்சு’, அதுவும் வல்லொலி.

எனக்கு மிகவும் பிடித்தது ய்து என்று முடியும் சொற்கள். பெய்து, செய்து, நெய்து மூன்றும் எழுத்தில் இடைத்தொடர். இவற்றில் மூக்கொலியே கிடையாது. ஆனால் பேச்சில்? மழை பேஞ்சுட்டு இருக்குது. வேலை செஞ்சுட்டு இருக்கறேன். அம்மாப்பேட்டைத் தறிக்காரர் வீட்டில், வேட்டி நெஞ்சுட்டு இருக்கறாரு. எழுத்தில் இல்லாத மூக்கொலி பேச்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எழுத்திலும் இவற்றுக்கு க் கிடையாது: பெய்துகொண்டிருக்கிறது, செய்துகொண்டிருக்கிறேன், நெய்துகொண்டிருக்கிறார். மிகாமைக்குப் பள்ளிப் புத்தகம் தனித்தனியாகச் சொல்லும் இரண்டு வகைகள் பேச்சில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. வாயில் ஏற்கெனவே இருக்கும் ஒலியைக் கேட்டு இந்த இடத்தில் சரியாக எழுத முடியும் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

மூக்கொலியும் இல்லாமல் வல்லொலியும் இல்லாமல் மிஞ்சுவது அழுது, உழுது, தொழுது போன்ற சில சொற்கள். குழந்தை அழுதுட்டு இருக்குது. இங்கே து ஒற்றையாக, மெலிதாக வருகிறது. வல்லின மெய் இரட்டித்து ஒலிக்கவில்லை; எனவே க் வேண்டாம். அழுதுகொண்டிருக்கிறது. இதோடு ‘எழுதி’யைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது இகர முடிவு, எழுதிக்கொண்டிருக்கிறது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நம் பக்கத்தில் சிலர் காஞ்சி, பறிச்சி என்று இகரமாக இழுத்துச் சொல்வார்கள். அந்தக் கடைசி ஒலியை நம்பக் கூடாது. எழுத்தில் இகரமாக முடிகிற ஏறி, பேசி, எழுதி, சொல்லி போன்றவற்றுக்குத்தான் இகர விதி. மற்றவற்றுக்கு இகரத்துக்கு முந்தைய மெய்யைக் கேட்க வேண்டும்.

இப்போது பெரியவரின் பத்தியில் இருந்த ஒரு ஜோடியைப் பார்க்கலாம். காப்பி காய்கிறது, ஆரஞ்சு காய்க்கிறது. ஒரே ‘காய்’தான். உலர்வது என்றால் காய்ந்து, பேச்சில் காஞ்சு. மரம் காய் பிடிப்பது என்றால் காய்த்து; பேச்சில் காச்சு. க் ஒன்றை மாற்றிப் போட்டால் மட்டும் பொருள் மாறிவிடாது. ஆனால் க்-க்கு முன்னால் இருக்கும் ந், த் மாறினால் மரத்தில் பிடித்தது களத்தில் உலர்ந்ததாகிவிடும். எனவே இந்த இடத்தில் நான் இரண்டையும் சேர்த்தே பார்ப்பேன்: ‘ந்துகொண்டு’ ஒரு கூட்டு, ‘த்துக்கொண்டு’ இன்னொரு கூட்டு. ‘ந்துக்கொண்டு’ கண்டால் க்-ஐ எடுப்பதற்கு முன், எழுதியவர் ‘த்து’ என்று எழுத நினைத்து ந் போட்டுவிட்டாரா என்று வாக்கியத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். “ஆடு மேய்ந்துக்கொண்டிருக்கிறது” என்றால் க்-ஐ எடுக்கலாம். “ராமன் ஆடு மேய்ந்துக்கொண்டிருக்கிறான்” என்றால் திருத்தம் ‘மேய்த்துக்கொண்டிருக்கிறான்’. க் சரியாகத்தான் இருந்தது, ந்தான் தவறு.

தானே நடப்பதற்கு ந்து, ஒருவர் செய்வதற்கு த்து என்று சிலர் குறுக்குவழி சொல்லிக்கொடுக்கிறார்கள். மேய்ந்து மேய்த்து, வளர்ந்து வளர்த்து, சேர்ந்து சேர்த்து, கலைந்து கலைத்து என்று நிறையச் சொற்களில் அது பலிக்கிறது. ஆனால் விதியாகக் கொள்ள முடியாது. காய்த்து, பூத்து, பழுத்து, சிரித்து எல்லாம் தானே நடப்பவை, ஆனாலும் த்து. ஏப்ரலில் கோடை மழைக்குப் பிறகு மலையில் காப்பி பூத்துக்கொண்டிருக்கிறது. கீழே சேலத்தில் மாம்பழம் பழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் யாரும் செய்யவில்லை. அதனால் பொருளை விட்டுவிட்டு ஒலியைக் கேட்பதே நல்லது என்பேன்.

சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்று கேட்பார்கள். ‘பறித்துக் கொண்டிருக்கிறார்கள்’ என்று இடம் விட்டு எழுதுவதும் வழக்கில் இருக்கிறது. அதைப் பிழை என்று நான் அடிப்பதில்லை. ஆனால் நான் சேர்த்தே எழுதுகிறேன். பிரித்தால் வரிக்கடைசியில் ‘பறித்துக்’ மட்டும் நின்று, ‘கொண்டிருக்கிறார்கள்’ அடுத்த வரிக்குப் போய்விடும். அப்போது க் இருக்கிறதா என்று கண் சரியாகப் பார்க்காது. ‘ஏறி கொண்டிருக்கிறது’ போன்ற பிழைகள் பெரும்பாலும் இப்படிப் பிரித்த இடங்களில்தான் ஒளிந்துகொள்கின்றன. ‘கொண்டு’க்கும் ‘இரு’வுக்கும் நடுவில் பிரிப்பது அழுத்தம் வரும்போது மட்டும் தேவைப்படும்: காய்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஏகாரம் வந்தால் காய்ந்துகொண்டேயிருக்கிறது என்றோ காய்ந்துகொண்டே இருக்கிறது என்றோ எழுதலாம்.

திருத்திய பத்தி இதோ:

“மேல் தோட்டத்தில் பழங்கள் சிவந்துகொண்டிருக்கின்றன. பெண்கள் பறித்துக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் எடுத்த காப்பி களத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது. வேலியோரம் ஆரஞ்சு காய்த்துக்கொண்டிருக்கிறது. மூட்டை ஏற்ற லாரி மலை ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்குள் வானம் இருண்டுகொண்டிருக்கிறது, கீழே தூறல் பெய்துகொண்டிருக்கிறது. நாங்கள் காப்பியைக் குவித்துக்கொண்டிருக்கிறோம்.”

ஒரு பத்தியைக் காதால் பார்க்கலாம். முழுப் புத்தகம் என்றால் கணினியின் துணை வேண்டும். நான் லிப்ரெஆபீஸ் ரைட்டரில் தேடல் பெட்டியைத் திறந்து, Regular expressions எனப்படும் ஒழுங்குத் தொடர்களுக்கான தேர்வை இயக்கிவிட்டு, இந்த இரண்டு வரிகளையும் தனித்தனியாகக் கொடுப்பேன்:

```
(ந்து|ன்று|ண்டு|ய்து|ழுது)க் ?கொண்டி
(த்து|ட்டு|ற்று|ி|ய்) ?கொண்டி
```

முதல் வரி, க் வேண்டாத இடத்தில் வந்திருப்பதைக் காட்டும். இரண்டாவது வரி, க் வேண்டிய இடத்தில் விடுபட்டிருப்பதைக் காட்டும். நடுவில் இருக்கும் இடைவெளியும் கேள்விக்குறியும், சேர்த்து எழுதியதையும் பிரித்து எழுதியதையும் ஒரே தேடலில் பிடிப்பதற்கு. இவற்றோடு ‘கொன்டி’, ‘ருக்கிர’ என்ற இரண்டையும் சாதாரணமாகத் தேடிவிட்டால், இந்த நடுப்பகுதியில் வழக்கமாக வரும் பிழைகள் ஏறக்குறைய எல்லாம் கண்ணுக்கு வந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் மாற்றும் பொத்தானை மட்டும் தொடவே கூடாது. முதல் வரியில் கிடைப்பவற்றில் மேய்ந்து, மேய்த்து சிக்கல் இருக்கலாம். இரண்டாவது வரியில் வேறொரு சிக்கல். “அவர் அதில் உறுதி கொண்டிருந்தார்” என்பதும் அதில் மாட்டும். அங்கே உறுதி என்பது பெயர். கொண்டிருந்தார் என்பதற்கு உடையவராக இருந்தார் என்றே பொருள். தொடர்ச்சி காட்டும் துணைவினை அல்ல அது. க் சேர்த்து ‘உறுதிக்கொண்டிருந்தார்’ ஆக்கினால் சரியாக இருந்ததைக் கெடுத்தவர்கள் ஆவோம். ‘நோய் கொண்டிருந்தார்’ என்பதும் அப்படித்தான். ஒவ்வொன்றாகப் பார்த்து, முன்னால் இருப்பது வினையா பெயரா என்று முடிவு செய்ய வேண்டும்.

பிரதி பல கைகளில் தட்டச்சாகி வந்திருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். திரையில் ஒரே மாதிரி தெரியும் ‘கொ’ கோப்புக்குள் இரண்டு விதமாக இருக்கலாம். ஒருங்குறியில் ொ என்பது `U+0BCA` என்ற ஒரே குறியாகவும் இருக்கும். ெ, ா இரண்டும் சேர்ந்து `U+0BC6 U+0BBE` என்றும் இருக்கும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை வரலாம். சில மென்பொருள்கள் இரண்டையும் ஒன்றாகக் கருதாமல், தேடலில் ஒன்றைக் காட்டி மற்றதை விட்டுவிடும். தேடல் ஒன்றும் காட்டவில்லை என்றால் பிழையே இல்லை என்று மகிழ்ந்துவிடாமல், ‘ண்டிருக்’ என்று கொ-வைத் தவிர்த்துவிட்டுத் தேடிப் பாருங்கள். சில சமயம் துணைக்கால் குறியீட்டுக்குப் பதிலாக ர என்ற எழுத்தே உட்கார்ந்து ‘கெரண்டு’ என்று இருக்கும். சிறிய எழுத்தில் அது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதுவும் இந்தத் தேடலில் வெளியே வந்துவிடும்.

கடைசியாக ஓர் இடத்தை நான் திருத்தாமல் பெரியவரிடமே கேட்டேன். “மேஸ்திரி சாவியை எடுத்துக்கொண்டிருக்கிறார்” என்று ஒரு வாக்கியம். எழுத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் எடுக்கும் வேலை இப்போது நடக்கிறது என்றும் படிக்கலாம். ‘எடுத்துக்கொள்’ என்ற வினையோடு இரு சேர்ந்து, முன்பே எடுத்துத் தன்னிடம் வைத்திருக்கிறார் என்றும் படிக்கலாம். தனக்காகச் செய்வதைக் காட்டும் கொள்ளும், தொடர்வதைக் காட்டும் கொண்டிருவும் இங்கே ஒரே எழுத்தில் விழுகின்றன. எடுத்து, வைத்து, பிடித்து போன்ற சொற்களுக்கு இந்த இரட்டைப் பொருள் அடிக்கடி வரும். எழுத்தைப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. பெரியவர் சற்று யோசித்துவிட்டு, “சாவி அவருகிட்டயேதான் இருக்குதுங்க” என்றார். ‘சாவியைத் தன்னிடமே வைத்திருக்கிறார்’ என்று மாற்றிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனோம்.